இருபத்துமூன்று பேர், 253 இணைகள்: பிறந்தநாள் பொருத்தம் பற்றி

மூன்று கேள்விகள்

ஓர் அறையில் 23 பேர் இருந்தால் அவர்களில் யாரேனும் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக அமைவதற்கான வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். கணக்கிட்டால் 50.7 சதவீதம் என்று வரும். பிறந்த ஆண்டு வேறாக இருக்கலாம். மாதமும் தேதியும் ஒத்திருந்தால் போதும். நிகழ்தகவுப் பாடநூல்கள் இதை 'பிறந்தநாள் முரண்' என்ற பெயரில் அறிமுகப்படுத்துகின்றன. அந்தப் பெயர் பொருத்தமானதல்ல என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. இதில் முரண் எதுவும் இல்லை. ஒரு கேள்விக்கு உரிய விடையை வேறொரு கேள்விக்கு உரியதாக எடுத்துக்கொள்ளும் மயக்கமே இருக்கிறது. அந்த மயக்கம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துவிட்டால் 23 என்ற எண் வியப்பூட்டுவது நின்றுவிடும். அதே மயக்கம் அறைக்கு வெளியே, நீதிமன்றம் வரை செல்வதும் புலப்படும்.

ஒரே அறையைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்க முடியும். முதலாவது: இன்னார், இன்னார் என்று முன்கூட்டியே குறிப்பிட்ட இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றா? இதற்கான வாய்ப்பு 365இல் 1, அதாவது 0.27 சதவீதம். இரண்டாவது: குறிப்பிட்ட ஒருவரின் பிறந்தநாளோடு மற்ற 22 பேரில் எவருடையதாவது ஒத்துப்போகிறதா? இதற்கு ஏறத்தாழ 5.9 சதவீதம். மூன்றாவது: யாரென்று சொல்லாமல், எவரேனும் இருவருக்கு ஒன்றா? இதற்கு 50.7 சதவீதம். ஆட்கள் மாறவில்லை, நாட்காட்டி மாறவில்லை. கேள்வி மாறியதும் விடை கால் சதவீதத்திலிருந்து பாதிக்கு ஏறுகிறது. கேட்பவர் மனம் பெரும்பாலும் இரண்டாவது கேள்வியில் நின்றுவிடுகிறது. 'என் பிறந்தநாளில் பிறந்தவரை நான் எத்தனை முறை சந்தித்திருக்கிறேன்' என்று தன்னை நடுவில் நிறுத்தி யோசிப்பதே மனிதருக்கு இயல்பு. அப்படி யோசித்தால் 23 பேர் போதவே போதாது. தன்னோடு ஒத்த ஒருவர் இருக்கும் வாய்ப்பு பாதியைத் தொட, தன்னைத் தவிர 253 பேர் வேண்டும்.

இந்த மயக்கத்துக்கு நன்கு அறியப்பட்ட சான்று அமெரிக்கத் தொலைக்காட்சியிலிருந்து கிடைக்கிறது. கணிதப் பேராசிரியர் ஜான் ஆலன் பாலோஸ் எண்ணறிவின்மை பற்றி 1988இல் வெளியிட்ட நூலில் அதை எழுதியிருக்கிறார். ஜானி கார்சனின் நிகழ்ச்சிக்கு வந்த விருந்தினர் ஒருவர் 23 பேர் கணக்கைச் சொன்னார். கார்சன் நம்பவில்லை. அரங்கில் ஏறத்தாழ 120 பேர் இருந்தார்கள். ஒரு தேதியைச் சொல்லி, அன்று பிறந்தவர் யார் என்று அவர்களைக் கேட்டார். ஒருவரும் இல்லை. விருந்தினரால் விளக்கம் சொல்ல முடியவில்லை. கணக்கு தவறு என்று அரங்கம் எண்ணியிருக்கக் கூடும். உண்மையில் அங்கே சோதிக்கப்பட்டது இரண்டாவது கேள்வி. 120 பேரில் குறிப்பிட்ட ஒரு தேதியில் ஒருவராவது பிறந்திருக்கும் வாய்ப்பு 28 சதவீதமே. கைகள் உயராததில் வியப்பில்லை. ஒவ்வொருவராகத் தங்கள் தேதியைச் சொல்லும்படி கேட்டிருந்தால், ஒத்த இருவர் வெளிப்படாமல் போவதற்கு வாய்ப்பே இருந்திருக்காது என்று சொல்லிவிடலாம். 70 பேர் இருந்தாலே அந்த வாய்ப்பு 99.9 சதவீதத்தை எட்டிவிடுகிறது.

எண் எங்கிருந்து வருகிறது

365 நாட்களை வைத்துக் கையால் பெருக்கிப் பார்ப்பது சலிப்பூட்டும். சிறிய நாட்காட்டி ஒன்றை எடுத்துக்கொண்டால் முறை கண்ணுக்குத் தெரியும். நம்மிடம் அப்படியொன்று இருக்கிறது: 27 ஜன்ம நட்சத்திரங்கள். நிலவு வான வட்டத்தைச் சுற்றிவர 27 நாட்களுக்குச் சற்று மேல் ஆகிறது. ஒரு நட்சத்திரத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்பதால், பிறப்புகள் 27க்கும் கிட்டத்தட்டச் சமமாகவே பங்கிடப்படும். எத்தனை பேர் இருந்தால் இருவருக்கு ஒரே நட்சத்திரம் அமைவது பாதிக்கு மேற்பட்ட வாய்ப்பாகும்? 13, 14 என்று சொல்லத்தான் முதலில் தோன்றும்.

பொருந்துவதை நேரடியாக எண்ணுவது சிக்கல். பொருந்தாமல் தப்புவதை எண்ணுவது எளிது. முதலாமவருக்கு எந்த நட்சத்திரமும் இருக்கலாம். இரண்டாமவர் அவரிடமிருந்து வேறுபட 27இல் 26 வழிகள். மூன்றாமவருக்கு 25, நான்காமவருக்கு 24. இந்தப் பின்னங்களை ஒன்றோடொன்று பெருக்கிக்கொண்டே போக வேண்டும். இருவர் இருக்கையில் தப்பும் வாய்ப்பு 0.963. மூவர் ஆனதும் 0.892, நால்வருக்கு 0.793, ஐவருக்கு 0.675, ஆறு பேருக்கு 0.550. ஏழாமவர் உள்ளே வந்ததும் 0.428. அதாவது ஏழு பேர் உள்ள ஒரு கூட்டுக் குடும்பத்தில் இருவருக்கு ஒரே நட்சத்திரம் அமைவதற்கு 57 சதவீத வாய்ப்பு உண்டு. சரிவு எப்படி நிகழ்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு படிக்கு நான்கு விழுக்காடு குறைகிறது. கடைசியில் ஒரே படியில் பன்னிரண்டு. புதிதாக வருபவர் ஒருவர்தான் என்றாலும், அவர் மோதாமல் தவிர்க்க வேண்டிய இடங்கள் ஒவ்வொரு முறையும் ஒன்று கூடுகின்றன.

365 நாட்களுக்கும் இதே வேலைதான். 364/365, 363/365 என்று பெருக்கிக்கொண்டு போனால் 10 பேர் சேர்ந்தபோது தப்பும் வாய்ப்பு 88.3 சதவீதம், 15 பேருக்கு 74.7, 20 பேருக்கு 58.9, 22 பேருக்கு 52.4. இருபத்துமூன்றாமவர் வரும்போது நிரம்பிய நாட்கள் 22. அவற்றில் ஒன்றில் அவர் விழ 6 சதவீத வாய்ப்பு. 52.4இல் அந்தப் பங்கைக் கழித்ததும் தப்பும் வாய்ப்பு 49.3 சதவீதமாகிப் பாதிக்குக் கீழே இறங்குகிறது. 23 என்ற எண்ணுக்குத் தனிச் சிறப்பு ஏதும் இல்லை. தராசு மறுபக்கம் சாயும் இடம் அது, அவ்வளவே.

இந்தப் பெருக்கலுக்குள் மறைந்திருப்பது ஒரு கூட்டல். ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் ஒருமுறை கைகுலுக்குவதாக எண்ணிக்கொள்வோம். இரண்டாமவர் வரும்போது ஒரு கைகுலுக்கல், மூன்றாமவர் வரும்போது இன்னும் இரண்டு, இருபத்துமூன்றாமவர் வரும்போது 22. ஒன்று முதல் 22 வரை கூட்டினால் 253. அறையில் இருப்பது 23 ஆட்கள். ஆனால் பிறந்தநாள் ஒப்பீடுகள் 253. ஒவ்வோர் ஒப்பீடும் 365இல் ஒரு வாய்ப்புள்ள சீட்டு. குறிப்பிட்ட தேதியில் பிறந்தவரைத் தேட 253 பேர் வேண்டும் என்று மேலே சொன்னதும் இதே எண்தான். இரு கேள்விகளுக்கும் பாதி வாய்ப்பை எட்ட ஏறத்தாழ 253 ஒப்பீடுகள் தேவைப்படுகின்றன. ஒன்றில் ஓர் ஆள் ஓர் ஒப்பீட்டை மட்டுமே கொண்டுவருகிறார். மற்றதில் ஏற்கெனவே இருப்பவர் ஒவ்வொருவரோடும் ஓர் ஒப்பீட்டைக் கொண்டுவருகிறார்.

ஒப்பீடுகள் ஆட்களின் வர்க்கத்தைப் போல வளர்வதால், தேவைப்படும் ஆட்கள் நாட்களின் வர்க்கமூலத்தைப் போல மட்டுமே வளர்கிறார்கள். 365இன் வர்க்கமூலம் 19க்குச் சற்று மேல், அதை 1.18ஆல் பெருக்கினால் 22.5. நட்சத்திரங்களுக்கு 27இன் வர்க்கமூலம் 5.2, 1.18ஆல் பெருக்கினால் 6.1, அடுத்த முழு எண் 7. நாட்காட்டியை நூறு மடங்கு நீட்டினாலும் தேவைப்படும் கூட்டம் பத்து மடங்குதான் ஆகும். இந்தக் கணக்கில் மனத்தில் இருத்த வேண்டியது 23 அல்ல, இந்த வர்க்கமூல உறவு.

வரலாறு சுருக்கமாக

இக்கணக்கை முதலில் போட்டவர் யார் என்பதில் இரண்டு பெயர்கள் சொல்லப்படுகின்றன. பிரிட்டானியக் கணித அறிஞர் ஹெரால்டு டேவன்போர்ட் 1927 வாக்கில் இதை அறிந்திருந்தார், அச்சிடவில்லை. நாஜி ஆட்சி வந்ததும் 1933இல் பெர்லினை விட்டு இஸ்தான்புல் சென்ற ரிச்சர்டு ஃபான் மீசஸ், 1939இல் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தின் ஆய்விதழில், பொருள்களை அறைகளில் பங்கிடும்போது ஓர் அறையில் ஒன்றுக்கு மேல் விழுவது பற்றிய பொதுச் சிக்கலாக இதை ஆராய்ந்தார். 1950இல் வெளியான வில்லியம் ஃபெல்லரின் நிகழ்தகவு நூல் வழியாகவே 23 என்ற எண் வகுப்பறைகளுக்குள் பரவியது.

உலகக் கோப்பைச் சோதனை

கணக்கு தாளில் சரியாக இருக்கலாம். மனிதர்கள் அப்படிப் பிறக்கிறார்களா என்ற ஐயம் நியாயமானது. அதைச் சோதிக்க நல்ல தரவு ஒன்று உண்டு. 2014இல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்கு 32 நாடுகள் வந்தன; ஒவ்வொரு நாடும் 23 வீரர்களைப் பதிவுசெய்தது. வீரர்களின் பிறந்த தேதிகள் அதிகாரப்பூர்வப் பட்டியலில் அச்சாகியிருந்தன. அளவெடுத்தாற்போல் 23 பேர் கொண்ட 32 அறைகள்! கணக்கின்படி ஏறத்தாழ 16 அணிகளில் பொருத்தம் இருக்க வேண்டும். பிபிசி அந்தப் பட்டியலைச் சரிபார்த்தபோது 16 அணிகளில்தான் இருந்தது.

அர்ஜென்டினா அணியை அருகில் பார்ப்போம். நடுக்கள வீரர்கள் ஃபெர்னாண்டோ காகோவும் அகுஸ்தோ ஃபெர்னாண்டஸும் ஏப்ரல் 10 அன்று பிறந்தவர்கள். பிறந்த ஆண்டும் இருவருக்கும் 1986. அதே அணியில் கோல்காப்பாளர் செர்கியோ ரொமேரோ பிறந்தது 1987 பிப்ரவரி 22. என்சோ பெரெஸ் பிறந்தது 1986 பிப்ரவரி 22. ஓர் அணியில் இரண்டு இணைகள்! பிரேசில் அணியில் ஹல்க், பாலின்யோ இருவருக்கும் ஜூலை 25. ஒரு செய்தியாளர் காகோவையும் ஃபெர்னாண்டஸையும் மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த ஒற்றுமைக்கு 365இல் ஒன்றே வாய்ப்பு என்று எழுதியிருந்தால், அது முதல் கேள்விக்கான விடை. அந்த இருவரையும் பட்டியலைப் பார்த்த பிறகுதான் நாம் தேர்ந்தெடுத்தோம். பொருந்தாத மற்ற 251 இணைகளைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. இரண்டு இணைகள் என்பதும் அரிதல்ல. 23 பேர் கொண்ட அணியில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருத்தம் அமைவதற்கு 14 சதவீத வாய்ப்பு உண்டு. 32 அணிகளில் நான்கைந்தில் அது நிகழலாம். 2014இல் ஐந்து அணிகளில் நிகழ்ந்தது.

எதிர்பார்த்ததும் கிடைத்ததும் இவ்வளவு நெருங்கியது ஓரளவு நற்பேறே. இப்படிப்பட்ட 32 அறைகளில் பொருத்தம் 13 அறைகளில் மட்டும் இருந்தாலும், 19இல் இருந்தாலும் கணக்கைக் குறைசொல்ல இடமில்லை. அந்த அளவு ஏற்ற இறக்கம் இயல்பு. ஆகவே ஒரே ஒரு வகுப்பறையில் எண்ணிப் பார்த்துவிட்டு, பொருத்தம் இல்லை, கணக்கு பொய் என்று சொல்பவருக்கு விடை எளிது. இரண்டில் ஓர் அறையில் பொருத்தம் இருக்காது என்பதும் இதே கணக்கு சொல்வதுதான்.

மறுப்புகளும் அவற்றின் வலிமையும்

இக்கணக்கின் மீது வைக்கப்படும் மறுப்புகளில் வலிமையானது இது: எல்லா நாட்களிலும் பிறப்புகள் சமமாக நிகழ்வதில்லை. உண்மைதான். பருவத்துக்கேற்பப் பிறப்புகள் கூடிக் குறைகின்றன. அமெரிக்காவில் கோடையின் பிற்பகுதியில் அதிகம். முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் அறுவைசிகிச்சைப் பிரசவங்களால் வார இறுதிகளில் பிறப்பு குறைகிறது. நல்ல நாள், நல்ல நேரம் பார்த்து சிசேரியன் செய்யும் வழக்கம் நம்மிடையே சில தேதிகளைக் கனமாக்கி அஷ்டமி, நவமிகளை இலேசாக்குகிறது. 365 நாட்களும் சமம் என்ற அடித்தளமே ஆடும்போது 23 எப்படி நிற்கும்?

நிற்கும், மேலும் உறுதியாகவே நிற்கும். பங்கீடு எந்த விதத்தில் ஏறுமாறானாலும் பொருத்தத்தின் வாய்ப்பு கூடுமே தவிரக் குறையாது. 1977இல் அமெரிக்கப் புள்ளியியல் ஆய்விதழ் ஒன்றில் மன்ஃபோர்டு இதைச் சுருக்கமாக நிறுவிக் காட்டினார். அதன் சாரத்தை எளிதில் சொல்லலாம். எல்லோருக்கும் வெவ்வேறு நாள் அமைய வேண்டுமென்றால், எந்த இரண்டு நாட்களை எடுத்தாலும் இரண்டிலும் ஆள் இல்லாமல் இருக்கலாம், ஒன்றில் மட்டும் ஒருவர் இருக்கலாம், அல்லது இரண்டிலும் ஒவ்வொருவர் இருக்கலாம். முதல் இரண்டு நிலைகளும் அவ்விரு நாட்களின் கனங்களின் கூட்டுத்தொகையை மட்டுமே சார்ந்தவை. மூன்றாவது நிலை மட்டும் அவற்றின் பெருக்கற்பலனைச் சார்ந்தது. கூட்டுத்தொகை மாறாதபோது, இரண்டும் சமமாக இருக்கையில்தான் பெருக்கற்பலன் மிகப் பெரிது: ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்று, ஒன்றரையை அரையால் பெருக்கினால் முக்கால். ஆகவே சமத்திலிருந்து எவ்வளவு விலகுகிறோமோ அவ்வளவு தப்பும் வாய்ப்பு குறைகிறது. சமம் என்று கொள்வது பொருத்தத்துக்கு மிகவும் பாதகமான நிலையைக் கொள்வதாகும். அந்த நிலையிலேயே 23 பேர் போதுமென்றால் மற்ற எந்த நிலையிலும் போதும்.

எவ்வளவு கூடும் என்பது அடுத்த கேள்வி. ஆண்டின் பாதி நாட்களில் பிறப்பு சராசரியைவிடப் பத்து விழுக்காடு அதிகம், மறுபாதியில் பத்து விழுக்காடு குறைவு என்று கொண்டால், 50.7 என்பது 51.1 ஆகிறது. அவ்வளவுதான். 23க்குப் பதிலாக 22 பேரே போதும் என்ற நிலை வர, இதே வகை ஏற்ற இறக்கம் கால் பங்குக்கும் மேலாக இருக்க வேண்டும். இயல்பான பிறப்புகளில் அவ்வளவு பெரிய வேறுபாடு பாதி ஆண்டு முழுவதும் நீடிப்பதில்லை.

பதிவேட்டுப் பிறப்புகளில் நிலைமை வேறு. பிறப்புப் பதிவு எல்லா ஊர்களுக்கும் பரவாத காலத்தில் பள்ளியில் சேர்ந்த தலைமுறையில், பிள்ளையின் பிறந்த தேதி தெரியாதபோது தலைமையாசிரியர் பள்ளி திறக்கும் மாதத்தை ஒட்டி ஒரு தேதியை எழுதிக்கொள்வது வழக்கமாக இருந்தது. சான்றிதழில் ஒரு தேதியும் வீட்டார் நினைவில் வேறொரு நாளுமாக வாழ்ந்தவர்கள் நம்மில் ஏராளம். அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில் பத்தில் ஒருவருக்கு ஜூன் 1 என்று எழுதப்பட்டிருப்பதாக எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். 23 பேரில் பொருத்தம் இல்லாமல் போக, ஜூன் 1இல் ஒருவருக்கு மேல் இருக்கக் கூடாது. மற்றவர்கள் எஞ்சிய 364 நாட்களில் மோதாமல் அமர வேண்டும். இரண்டும் சேர்ந்து நிகழ்வதற்கு 16 சதவீதமே வாய்ப்பு. பொருத்தம் 84 சதவீதம். இது எதிர்த்திசையில் பயன்படக்கூடிய கருவியும் ஆகிறது. 23 பேர் கொண்ட சிறு குழுக்களைத் திரும்பத் திரும்ப எடுத்து, பத்தில் எட்டு குழுக்களில் பொருத்தம் தென்பட்டால், ஐயப்பட வேண்டியது நிகழ்தகவுக் கணக்கை அல்ல, பதிவேட்டை. எந்தத் தேதியில் குவிகின்றன என்று பார்த்தால் காரணமும் கிடைத்துவிடும்.

பிப்ரவரி 29 பற்றிய மறுப்பு சிறியது. மொரார்ஜி தேசாய் 1896இல் அந்த நாளில் பிறந்தவர். அவரைப் போன்றவர்களையும் சேர்த்தால் நாள் ஒன்று கூடுகிறது, ஆனால் அது கால் கனமுள்ள நாள். வாய்ப்பு இம்மியளவு குறைந்தாலும் பாதிக்கு மேலேயே இருக்கிறது. அறையில் இரட்டையர்கள் இருந்தால் பொருத்தம் கூடவே செய்யும். இவ்விரண்டைப் பற்றி மேலே பேச வேண்டியதில்லை.

நுட்பமான மறுப்பு ஒன்று மீதமிருக்கிறது. 253 ஒப்பீடுகளையும் ஒன்றையொன்று சாராத 253 சீட்டுகளாகக் கொண்டால், ஒன்றும் விழாமல் போகும் வாய்ப்பை 364/365ஐ 253 முறை பெருக்கிப் பெறலாம். அப்படிச் செய்தால் பொருத்தம் 50.05 சதவீதம் என்று வருகிறது, உண்மை 50.73. ஒப்பீடுகள் முழுமையாகத் தனித்தனியானவை அல்ல என்பதே காரணம். இளங்கோ, மீனா, சலீம் என்று மூவரை வைத்துக்கொள்வோம். மீனாவும் சலீமும் இளங்கோவின் நாளில் பிறக்கவில்லை என்று தெரிந்த பிறகு, அவ்விருவருக்கும் எஞ்சுவது 364 நாட்கள். அவர்கள் மோதும் வாய்ப்பு 365இல் ஒன்றிலிருந்து 364இல் ஒன்றாகிறது. ஒருவரிடமிருந்து விலகுவது மற்றவரை நோக்கி நெருக்குகிறது. எனவே கைகுலுக்கல் விளக்கம் தோராயமானது என்ற குற்றச்சாட்டை ஏற்க வேண்டும். ஆனால் அந்தத் தோராயம் உண்மையைவிடக் குறைவாகவே மதிப்பிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மரபணுப் பதிவேட்டில் அதே அறை

மூன்று கேள்விகளைப் பிரித்தறிவது விருந்தில் பேசும் விளையாட்டு அல்ல என்பதற்கு அரிசோனா மாநிலத்தில் நிகழ்ந்தது சான்று. அப்போது அமெரிக்கக் குற்றவியல் ஆய்வகங்கள் ஒருவரின் மரபணுவில் 13 இடங்களைப் பார்த்து அடையாளப் பதிவு தயாரித்தன. 2001இல் அங்குள்ள ஆய்வக அலுவலர் ஒருவர், உறவினர் அல்லாத இருவரின் பதிவுகள் 13இல் ஒன்பது இடங்களில் ஒத்திருப்பதைக் கவனித்தார். ஒருவர் வெள்ளையர், மற்றவர் கறுப்பினத்தவர். பின்னர் நீதிமன்ற ஆணைக்கு உட்பட்டுப் பதிவேடு முழுவதும் தேடப்பட்டது. 65,493 பதிவுகளில் ஒன்பது இடங்கள் ஒத்த இணைகள் 122, பத்து இடங்கள் ஒத்தவை 20 கிடைத்தன. பதினொன்றும் பன்னிரண்டும் ஒத்தவை ஒவ்வொன்று, அவை உடன்பிறந்தோருடையவை. பல கோடியில் ஒன்று என்று நீதிமன்றங்களில் சொல்லப்பட்டுவந்த அரிய பொருத்தம் ஒரு மாநிலத்துக்குள்ளேயே நூற்றுக்கும் மேல் இருக்கிறதே என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் கேட்டார்கள்.

அறையை எண்ணிப் பார்க்க வேண்டும். 65,493 பேருக்கு இடையே உள்ள ஒப்பீடுகள் ஏறத்தாழ 214 கோடி. ஒத்துப்போகும் ஒன்பது இடங்கள் எவை என்பதும் முன்கூட்டிக் குறிக்கப்படவில்லை. 13இலிருந்து ஒன்பதை 715 வழிகளில் தேர்ந்தெடுக்கலாம். இரண்டையும் பெருக்கினால், பொருத்தம் நேரக்கூடிய சந்தர்ப்பங்கள் ஒன்றரை லட்சம் கோடி. குறிப்பிட்ட ஒன்பது இடங்கள் இருவரிடம் ஒத்திருப்பது ஆயிரம் கோடியில் ஒன்று என்ற அளவுக்கு அரிது என்று எடுத்துக்காட்டுக்குக் கொண்டாலும், சுமார் 150 இணைகளை எதிர்பார்க்க வேண்டும். அந்த எண் ஒவ்வொருவரின் பதிவுக்கும் மாறும். பதிவேட்டில் அண்ணன் தம்பிகள் கலந்திருப்பார்கள். எனவே இதை அளவீடாகக் கொள்ளக் கூடாது. ஆனால் 122 இணைகள் கிடைத்ததை மட்டும் வைத்துக்கொண்டு அரிதென்ற மதிப்பீடு பொய் என்று முடிவுகட்ட முடியாது என்பதற்கு இது போதும். எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டியது மூன்றாவது கேள்விக்கான விடை; சான்றாக வைக்கப்பட்டது முதல் கேள்விக்கான எண்.

அதனால் அரசுத் தரப்பு எப்போதும் சரி என்றும் ஆகிவிடாது. வேறு சான்றுகளால் ஏற்கெனவே பிடிபட்ட ஒருவரின் மரபணு, குற்றம் நடந்த இடத்தில் கிடைத்ததோடு ஒப்பிடப்பட்டால், அங்கே ஒப்பீடு ஒன்றுதான். அது முதல் கேள்வி. யாரென்றே தெரியாத நிலையில் அந்த மாதிரியைப் பதிவேடு முழுவதும் ஓட்டி, ஒத்துவந்த ஒருவரைப் பிடித்தால், ஒப்பீடுகள் 65,493. அது இரண்டாவது கேள்வி. அந்த இரண்டாவது நிலையிலும் முதல் நிலைக்குரிய எண்ணையே நடுவர்கள் முன் வைப்பது கார்சன் செய்த பிழையைத் தலைகீழாகச் செய்வதாகும். அவர் மூன்றாவது கேள்வியை இரண்டாவதால் சோதித்தார். இங்கே இரண்டாவது கேள்விக்கு முதலாவதன் விடை தரப்படுகிறது. குற்றம் நடந்த இடத்திலிருந்து எடுத்த மாதிரி சிதைந்து, 13இல் ஏழெட்டு இடங்கள் மட்டுமே படிக்கக் கிடைக்கும்போது இந்தப் பிழை ஒருவரின் வாழ்நாளையே பறிக்கக்கூடும். ஆகவே மரபணுச் சான்று முன்வைக்கப்படும் ஒவ்வொரு வழக்கிலும் 'எத்தனை கோடியில் ஒன்று' என்று கேட்பதற்கு முன், இந்தப் பெயர் எத்தனை பெயர்களோடு சேர்த்து ஒப்பிடப்பட்ட பிறகு வெளிவந்தது என்று கேட்டாக வேண்டும்.

2017 ஜனவரி முதல் அமெரிக்கத் தேசியப் பதிவேட்டுக்குப் பார்க்க வேண்டிய இடங்கள் 13இலிருந்து 20ஆக உயர்த்தப்பட்டன. ஒவ்வோர் இடம் கூடும்போதும் நாட்காட்டி பல மடங்கு நீள்கிறது. தற்செயல் பொருத்தம் அந்த அளவுக்கு அரிதாகிறது. இன்னொரு பக்கம் பதிவேடும் பெருகிக்கொண்டிருக்கிறது. அது இரட்டிக்கும்போதெல்லாம் அதனுள் இருக்கும் இணைகள் நான்கு மடங்காகின்றன.